ஐம்பது ரூபாய் கூடுதலுக்கு விற்றும் ஏன் நட்டம்?

ஒரு நிறுவனம் பங்கொன்றை 400 ரூபாய்க்கு வாங்கி 450 ரூபாய்க்கு விற்கிறது. லாபம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் விற்ற ஆண்டின் கணக்கில் அது நட்டமாக ஏறலாம். கணக்கர் எங்கும் தவறவில்லை. இடையில் மார்ச் 31 வந்துபோனதுதான் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். விலை ஏறினால் விற்றுவிடலாம் என்ற எண்ணத்தில், ஒரு நிதி நிறுவனம் 2025 ஜனவரியில் பட்டியலிட்ட ஒரு கம்பெனியின் 500 பங்குகளை 400 ரூபாய் வீதம் வாங்குகிறது. முதலீடு 2,00,000 ரூபாய். தரகு, பரிவர்த்தனை வரி எல்லாமாக 500 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். வர்த்தகத்துக்காக வாங்கிய பங்கு என்பதால் இந்த 500 ரூபாயைப் பங்கின் விலையோடு சேர்க்கக் கூடாது. அன்றே செலவாக எழுதிவிட வேண்டும்.

அடுத்து ஆண்டு இறுதி. அந்த ஆண்டு மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை, அதற்கு முந்தைய இரு நாட்களும் சனி, ஞாயிறு. ஆகவே கடைசியாகச் சந்தை நடந்த மார்ச் 28-ன் முடிவு விலையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று விலை 460 என்றால் பங்குகளின் நியாய மதிப்பு 2,30,000 ரூபாய். இந்திய கணக்கியல் தரம் 109-ஐப் பின்பற்றும் நிறுவனம் பங்குக் கணக்கில் 30,000 ரூபாய் பற்று வைத்து, நியாய மதிப்பு லாபக் கணக்கில் அதே தொகையை வரவு வைக்கும். ஒரு பங்கும் விற்கவில்லை, ஒரு காசும் கைக்கு வரவில்லை. இருந்தும் அந்த ஆண்டின் லாபத்தில் 30,000 சேர்ந்துவிடுகிறது. விற்றால் இவ்வளவு தரகு ஆகுமே என்று அதில் எதையும் கழிப்பதும் இல்லை.

ஏப்ரல் 7ஆம் தேதி சந்தை பெரிதாகச் சறுக்கியது. அன்று நிறுவனம் 450 ரூபாய்க்கு மொத்தத்தையும் விற்றுவிட்டால் கிடைப்பது 2,25,000 ரூபாய். இப்போது புத்தகத்தில் பங்கின் மதிப்பு 2,00,000 அல்ல, 2,30,000. எனவே பதிவு இப்படி வரும்: தரகரிடமிருந்து வர வேண்டியது பற்று 2,25,000, நட்டம் பற்று 5,000, பங்குக் கணக்கு வரவு 2,30,000. சென்ற ஆண்டு 30,000 லாபம், இந்த ஆண்டு 5,000 நட்டம். இரண்டையும் சேர்த்தால், தரகுச் செலவு நீங்கலாக, உண்மையில் கிடைத்த 25,000 சரியாக வந்துவிடும். மொத்த லாபம் மாறுவதில்லை. எந்த ஆண்டில் எவ்வளவு என்பதுதான் மாறுகிறது.

பிசகு நடப்பது இந்த இடத்தில்தான். பல அலுவலகங்களில் வாங்கிய விலையை ஒரு கணக்கிலும், மதிப்பு ஏற்ற இறக்கத்தைத் தனியாக இன்னொரு கணக்கிலும் வைத்திருப்பார்கள். விற்கும்போது வாங்கிய விலைக் கணக்கை மட்டும் மூடி, 25,000 லாபம் என்று எழுதிவிடுவார்கள். விளைவாக ஒரே லாபம் இரண்டு ஆண்டுகளிலும் ஏறி 55,000 ஆகிவிடும். கண்டுபிடிப்பது கடினமல்ல. டீமேட் அறிக்கையில் அந்தப் பங்கே இருக்காது. பேரேட்டிலோ 30,000 ரூபாய் அனாதையாக நின்றுகொண்டிருக்கும். அனுபவமுள்ள தணிக்கையாளர் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பாதியை மட்டும் விற்றிருந்தால் ஏற்றக் கணக்கிலும் பாதியை, அதாவது 15,000 ரூபாயை, நீக்க வேண்டும்.

எல்லா நிறுவனங்களுக்கும் இந்த முறை இல்லை. பழைய கணக்கியல் தரங்களிலேயே தொடரும் சிறிய நிறுவனம், குறுகிய கால முதலீடாக வைத்திருக்கும் பங்கை, வாங்கிய விலை, சந்தை மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்டும். விலை இறங்கினால் நட்டத்தை உடனே எழுதும். வாங்கிய விலைக்கு மேல் ஏறினால் விற்கும்வரை வாய் திறக்காது. நம் உதாரணத்தில் அதற்கு மார்ச்சில் லாபம் பூஜ்யம், ஏப்ரலில் 25,000. வங்கிகளும் வர்த்தக முதலீடுகளின் நிகர மதிப்பு உயர்வை லாபத்தில் சேர்க்காமல்தான் இருந்தன. ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் அதை மாற்றின.

விற்காத பங்கின் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இயல்பாக எழும். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 123ஆம் பிரிவு அதற்கு வழிவிடவில்லை. டிவிடெண்ட் கொடுக்க லாபத்தைக் கணக்கிடும்போது, கைக்கு வராத ஆதாயங்களையும், நியாய மதிப்பில் அளந்ததால் வந்த மாற்றங்களையும் விலக்கிவிட வேண்டும். மார்ச் மாத லாபத்தில் பளிச்சென்று தெரியும் அந்த 30,000 ரூபாயிலிருந்து அந்த ஆண்டுக்கான டிவிடெண்டாக ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.