கிட்ஹப் 'பொறு' என்றால் எவ்வளவு நேரம்?

கிட்ஹப் தளத்தில் உள்ள ஒரு பெரிய மென்பொருள் திட்டத்தில் 7,000 புகார்கள் பதிவாகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கணக்குக்கான டோக்கனையும் கொடுத்து ஓட விடுகிறீர்கள். மளமளவென்று ஓடிய ஸ்கிரிப்ட், 5,000ஐ எட்டியதும் நின்றுவிடுகிறது. திரையில் 403 என்றோ 429 என்றோ ஓர் எண்.

429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்று அர்த்தம், அதில் குழப்பமில்லை. வம்பு 403இல்தான். அது வழக்கமாக அனுமதி மறுப்பைக் குறிப்பதால், பலரும் டோக்கன் கெட்டுவிட்டதோ என்று புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பலன் இருக்காது. மணிக்கு 5,000 கோரிக்கைகள் என்ற வரம்பு ஆளுக்குத்தான், டோக்கனுக்கு அல்ல. ஒரே ஆளின் பத்து டோக்கன்களும் அந்த 5,000இல்தான் பங்கு போட வேண்டும். டோக்கனே இல்லாமல் கேட்டால் மணிக்கு வெறும் 60.

என்ன நடந்தது என்பதைப் பதிலோடு வரும் ஹெடர்களே சொல்லிவிடும், படிக்கத்தான் ஆளில்லை:

```
x-ratelimit-remaining: 0
x-ratelimit-reset: 1760000000
```

மீதம் பூஜ்யம். அடுத்த வரியில் இருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணப்பட்ட விநாடிகள். இந்திய நேரப்படி 2025 அக்டோபர் 9, பிற்பகல் 2:23:20. அதுவரை ஸ்கிரிப்ட் தூங்கினால் போதும். `retry-after` என்ற ஹெடர் வந்தால் இன்னும் சுலபம், எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்பதே அதில் இருக்கும்.

சில சமயம் மீதம் நிறைய இருந்தும் மறுப்பு வரும். குறுகிய நேரத்தில் சரமாரியாகக் கேட்டால் பாயும் இரண்டாம் வரம்பு அது. `retry-after` இல்லாவிட்டால், குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்து, பிறகும் மறுத்தால் காத்திருப்பை நீட்டிக்கொண்டே போகச் சொல்கிறது கிட்ஹப்:

```
wait = min(900, 60 * 2**n) + random.uniform(0, 10)
```

`n` பூஜ்யத்தில் தொடங்கினால் 60, 120, 240, 480 என்று இரட்டிப்பாகி, 900 விநாடியில் நிற்கும். கடைசியில் கூட்டும் சில விநாடிகளை வீண் என்று நினைக்கக் கூடாது. ஒரே கணக்கில் இருபது ஸ்கிரிப்ட்கள் ஒரே நொடியில் மறுக்கப்பட்டால், அந்தச் சிதறல் இல்லாமல் இருபதும் ஒரே நொடியில் திரும்பி வந்து மறுபடி மாட்டிக்கொள்ளும். முயற்சிக்கும் ஓர் எல்லை வேண்டும். ஐந்தாறு முறைக்குப் பிறகும் மறுப்பே வந்தால் பிழையைச் சொல்லி நிறுத்திவிடுவது நல்லது. மறுத்த பின்னும் விடாமல் கேட்கும் நிரலை கிட்ஹப் தடை செய்யவும் கூடும்.

ஆனால் அந்த 7,000 புகார்களுக்கு இத்தனை காத்திருப்பே தேவையில்லை. ஒன்றொன்றாகக் கேட்காமல், பட்டியலாக `per_page=100` என்று கேட்டால் எழுபதே கோரிக்கைகளில் வேலை முடிந்துவிடும்.