அதிர்வு உருளையும் அடர்த்தியும்: காடாம்புலியூர்ச் செம்மண் முதல் நிலக்கீல் மேற்பரப்பு வரை

ஆய்வுச்சுருக்கம்

சாலை உருளை தன் எடையால் மண்ணை அழுத்துகிறது என்பது பொதுவான கருத்து. அதிர்வு உருளையின் முதன்மைப் பணி, துகள்களைப் பிணைத்து நிறுத்தும் தடையைத் தளர்த்துவதாகும். அத்தடை மணலிலும் களிமண்ணிலும் சூடான நிலக்கீல் கலவையிலும் வெவ்வேறானது. ஆகவே ஒரே கருவி மூன்று பொருள்களிலும் வெவ்வேறு விளைவைத் தருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அதிர்வு உருளை, வீச்சு, அதிர்வெண், உலர் அடர்த்தி, நிலக்கீல்

முன்னுரை

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பண்ருட்டி, காடாம்புலியூர், நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு ஆகிய ஊர்களின் வழியே செல்கிறது. காடாம்புலியூரைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டு மேட்டுநிலம் கடலூர் மணற்கல்லிலிருந்து உருவான மணல் கலந்த செம்மண் ஆகும். தெற்கே சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது நிலம் வண்டல் களியாக மாறுகிறது. ஒரே சாலையில் மண் இவ்வாறு மாறுவது, அதிர்வின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே அறிய உதவுகிறது.

உருளையின் உள்ளே நிகழ்வது

எஃகு உருளையின் நடுவே ஓர் அச்சுத்தண்டு சுழல்கிறது. அதில் மையத்திலிருந்து விலகிய எடை பொருத்தப்பட்டுள்ளது. எடையின் நிறையை விலகல் தொலைவால் பெருக்கினால் கிடைக்கும் அளவு 7 கிலோகிராம்-மீட்டர் எனவும், தண்டு நொடிக்கு 30 முறை சுழல்கிறது எனவும் கொள்வோம். அப்போது எழும் மையவிலக்கு விசை ஏறத்தாழ 250 கிலோநியூட்டன். ஏறத்தாழ 6 டன் சுமையைத் தாங்கி நிற்கும் உருளை தரும் நிலையான விசையோ 59 கிலோநியூட்டன் மட்டுமே. சுழற்சி வேகத்தின் இருமடிக்கேற்ப விசை வளர்வதால், வேகம் 10 விழுக்காடு கூடினால் விசை 21 விழுக்காடு கூடும்.

மணலும் களியும்

மணல் துகள்களைப் பிணைத்து நிறுத்துவது உராய்வு. அதிர்வலை கடக்கும் கணத்தில் துகள்களுக்கிடையிலான அழுத்தம் குறைகிறது, உராய்வும் தளர்கிறது. சிறு துகள்கள் பெருந்துகள்களின் இடைவெளிகளில் இறங்கி அமர்கின்றன. காடாம்புலியூர்ச் செம்மண் போன்ற மண்ணில் அதிர்வு சிறப்பாகச் செயல்படுவதன் காரணம் இதுவே.

களித்துகள்களைப் பிணைப்பது ஒட்டுந்தன்மை. அதிர்வால் அது எளிதில் தளர்வதில்லை. எனவே அங்கு மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, புடைப்புகள் கொண்ட ஆட்டுக்கால் உருளையால் பிசைந்து இறுக்குதல் வேண்டும்.

இறுக்கத்தைக் கண்ணால் மதிப்பிட இயலாது. குழி தோண்டி, அதன் கொள்ளளவை மணலால் அளந்து, உலர் அடர்த்தி கணக்கிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, 1,000 கன சென்டிமீட்டர் குழியிலிருந்து 2,100 கிராம் ஈரமண் கிடைத்ததாகவும், ஆய்வகத்தில் கண்ட உச்ச உலர் அடர்த்தி 1.98 எனவும் கொள்வோம். ஈரப்பதம் 8.5 விழுக்காடாயின் உலர் அடர்த்தி 1.94, அதாவது உச்ச அளவில் 97.8 விழுக்காடு. சாலைப் படுகைக்கு வேண்டிய 97 விழுக்காட்டை இது எட்டிவிடுகிறது. ஈரப்பதம் 12 விழுக்காடாக இருந்திருப்பின் அதே எடையுள்ள மண் 94.7 விழுக்காட்டையே தந்து தோல்வியுறும். குழியிலிருந்து எடுத்த மண்ணின் ஈரம் காயாமல் மூடி வைக்கப்பட வேண்டியதன் தேவை இங்கே புலப்படும்.

இறுகிய மண்ணில் அதிர்வைத் தொடர்வது கேடு தரும். உருளை தரையை விட்டுத் துள்ளி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று மோதத் தொடங்கும். ஓட்டுநர் இருக்கையில் உணரும் ஒழுங்கற்ற குலுக்கலே இதன் அறிகுறி. அதன்பின் மேலடுக்கு தளர்வதோடு கற்களும் நொறுங்கும்.

சூடான நிலக்கீல் கலவை

பேச்சு வழக்கில் தார் எனப்படும் நிலக்கீல் சூட்டில் இளகித் துகள்கள் நகர வழிவிடுகிறது. ஆறினால் கெட்டிப்பட்டு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. எனவே இங்குத் தடையை முடிவு செய்வது வெப்பநிலை. பொதுவாகப் பயன்படும் விஜி-30 வகையில் உருட்டுதல் 90 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குமுன் முடிய வேண்டும். அதற்குப் பின்னும் அதிர்வைச் செலுத்தினால் கற்கள் உடையுமேயன்றி அடர்த்தி கூடாது. மிகுந்த சூட்டில் ஏற்றினாலோ கலவை உருளையின் முன் அலைபோல் தள்ளப்படும்.

அடுக்கு மெல்லியதாதலால் மண்ணுக்குரிய பெரிய வீச்சு இங்குப் பொருந்தாது. சிறு வீச்சும் உயர் அதிர்வெண்ணும் தேவை. சமதளம் அமைவது மோதல்களின் இடைவெளியைப் பொறுத்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், நொடிக்கு 50 அதிர்வுகளெனில், மோதல்களுக்கிடையே 28 மில்லிமீட்டர். வேகத்தை இருமடங்காக்கினால் இடைவெளி 56 மில்லிமீட்டராகி, சலவைப் பலகை போன்ற வரிகள் விழும். திசை மாற்ற நிற்கும் முன் அதிர்வை நிறுத்தாவிடில் அவ்விடத்தில் குழிவு பதியும்.

முடிவுரை

மணலில் உராய்வு, களியில் ஒட்டுந்தன்மை, நிலக்கீலில் வெப்பநிலை எனத் தடை வேறுபடுகிறது. எனவே உருளையை எத்தனை முறை ஓட்டுவது என்னும் வினாவுக்கு முன், அப்பொருளின் துகள்களை எது பிணைக்கிறது என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். காடாம்புலியூரில் போதுமானதாக இருந்த அதே எண்ணிக்கை சேத்தியாத்தோப்பில் போதாமற்போவதற்கான விளக்கம் அதில்தான் உள்ளது.