ரெண்டு மா நாற்பது குழி

நிலப் பத்திரத்தை இங்கிலீஷில் பெயர்ப்பவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்தில்தான் வியர்வை சிந்துகிறார்கள். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்ற வரிக்கு அகராதி புரட்டுவார்கள், நண்பர்களுக்குப் போன் போடுவார்கள். கடைசிப் பக்கத்தில் இருக்கும் சொத்து விவரத்தை எண்கள்தானே என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். முதல் பக்கத்தில் ஒரு சொல் சற்றே பிசகினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சொத்து விவரம் பிசகினால் நிலமே இடம் மாறிவிடும்.

வெளிநாட்டு விசாவுக்குச் சொத்து மதிப்பைக் காட்டுவதற்கும், வேறு மாநிலத்து வங்கியில் ஈடு வைப்பதற்கும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போவதற்கும் தமிழ்ப் பத்திரத்தின் இங்கிலீஷ் வடிவம் தேவைப்படுகிறது. அதைப் படிக்கப் போகிறவருக்குத் தமிழ் தெரியாது. மூலத்தோடு ஒப்பிட அவரால் முடியாது என்பதால் மொழிபெயர்ப்பாளர் எழுதியதுதான் அவருக்கு நிலம்.

தஞ்சைப் பகுதிப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் எழுதியது என்றாலும், 1950களின் கிரையப் பத்திரங்கள் இந்த நடையில்தான் இருக்கும்: 'சர்வே நெ. 112/4, நஞ்சை 2 மா 40 குழி. இதற்கு எல்லையாவது: வாய்க்காலுக்கு வடக்கு, கோயில் நிலத்துக்குத் தெற்கு, அண்ணன் பாக நஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு. இதன் மத்தியில் உள்ளது.'

முதலில் அளவு. காவிரி டெல்டாவில் குழி என்பது பன்னிரண்டு அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஊர்ப் பேச்சில் 'மாவுக்கு முப்பத்து மூணு செண்ட், மூணு குழிக்கு ஒரு செண்ட்' என்பார்கள். ஒரு செண்ட் 435.6 சதுர அடி, மூன்று குழி 432 சதுர அடி. பேச்சுக்கு அது போதும், பத்திரத்துக்குப் போதாது. நம் பத்திரத்தில் இருப்பது மொத்தம் 240 குழி. அதை 144ஆல் பெருக்கினால் 34,560 சதுர அடி, ஏறக்குறைய 79.34 செண்ட்.

இங்கேதான் முதல் சபலம் வரும். படிப்பவருக்கு மாவும் குழியும் புரியாதே, நேராக '79.34 செண்ட்' என்றே போட்டுவிடலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. பத்திரம் சொன்னது 2 மா 40 குழி. அதை ரோமன் எழுத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் 'மொழிபெயர்ப்பாளர் குறிப்பு' என்று தலைப்பிட்டு, ஒரு குழிக்கு எத்தனை சதுர அடி என்று கொண்டு கணக்குப் போட்டோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஏனென்றால் குழி எல்லா ஊரிலும் ஒரே அளவில்லை. அளக்கும் கோலின் நீளம் மாறினால் குழியும் மாறும். சோழர் கல்வெட்டுகளிலேயே பன்னிரண்டு சாண் கோலும் உண்டு, பதினாறு சாண் கோலும் உண்டு. டெல்டாவைத் தாண்டிய பத்திரம் என்றால் அந்த ஊரில் எந்தக் குழி என்று விசாரிக்காமல் 144ஐப் போடுவது ஆபத்து.

குழியைவிடப் பெரிய வம்பு காணி. பழைய செங்கல்பட்டு, சென்னைப் பக்கத்தில் காணி என்றால் இருபத்து நான்கு கிரவுண்ட். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஆகவே காணி 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். ஆனால் தமிழ்க் கீழ்வாய்க் கணக்கில் காணி என்பது எண்பதில் ஒரு பங்கு, மா என்பது இருபதில் ஒரு பங்கு. வேலியில் எண்பதில் ஒன்று என்று கொண்டால் காணிக்கு இருபத்தைந்து குழிதான் வரும், 3,600 சதுர அடி. ஒரே சொல், சரியாகப் பதினாறு மடங்கு வித்தியாசம். போதாததற்குக் காணி என்றாலே பொதுவாக நிலம், பரம்பரை உரிமையுள்ள நிலம் என்ற பொருளும் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் நிலத்தைக் காணி என்றுதான் சொல்கிறார்கள். 'என் காணி' என்று எழுதியிருப்பதை அளவு என்று நினைத்து ஏக்கராக மாற்றினால் இல்லாத நிலம் முளைத்துவிடும். எந்தக் காணி என்று தீர்மானிக்க, முன்னால் எண் இருக்கிறதா, கூடவே வருவது குழியா கிரவுண்டா, தீர்வை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வேலியும் மாவும் கூட வந்தால் அது பின்னக் காணியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கணக்குச் சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதே சர்வே எண்ணுக்கு இன்றைய பட்டாவை எடுத்துப் பார்ப்பது. 1980களில் யூ.டி.ஆர். திட்டத்தில் நிலப் பதிவேடுகள் திருத்தி எழுதப்பட்டதால் பல ஊர்களில் உட்பிரிவு எண் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா ஆபீஸிலோ கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நிலத்துக்குப் பட்டாவில் நன்செய்ப் பரப்பு '0 - 32.00' என்று இருக்கிறது என்று வைப்போம். இது 32 ஏர், அதாவது 3,200 சதுர மீட்டர், செண்டில் 79.07. பத்திரக் கணக்கில் 79.34 வந்தது. கால் செண்டுக்குச் சற்று மேல் வித்தியாசம். மறு அளவையிலும் முழு எண்ணாக்குவதிலும் இந்த அளவுக்கு ஏறி இறங்குவது சகஜம்தான். அதே நிலம்தான், டெல்டாக் குழிதான் என்று ஊகிக்கத் தெம்பு வரும். ஆனால் பத்திரத்தின் எண்ணைப் பட்டாவுக்கு ஏற்ப 'சரி'செய்வது மொழிபெயர்ப்பாளர் வேலை இல்லை. இரண்டும் தனித்தனி ஆவணம். பொருந்தாவிட்டால் அது வக்கீலுக்கும் சர்வேயருக்கும் உள்ள தலைவலி.

பட்டாவின் அந்தச் சிறு கோட்டிலும் ஒரு குழி இருக்கிறது, விழும் குழி. கோட்டுக்கு இடது பக்கம் ஹெக்டேர், வலது பக்கம் ஏர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். '1 - 05.50' என்றால் ஒரு ஹெக்டேர் ஐந்தரை ஏர், தசமத்தில் 1.055 ஹெக்டேர். அவசரத்தில் அந்தப் பூஜ்யத்தை விட்டுவிட்டு 1.55 ஹெக்டேர் என்று எழுதினால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலம் தாளில் கூடிவிடும். வங்கி மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்க்கும்போது நிலத்தைக் காணவில்லை என்பார். இன்னொன்று, நம் ஏருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டில், இருக்கிறோம் என்று சொல்ல உதவும் அந்த மூன்றெழுத்துச் சொல்லே வந்து நிற்கும். படிப்பவர் அச்சுப்பிழை என்று நினைக்கக் கூடும். அதனால் முதல் தடவை வரும்போதே 'நூறு சதுர மீட்டர்' என்று குறிப்புச் சேர்ப்பது நல்லது.

அடுத்தது எல்லை. நான் பார்த்த வரையில் அதிகம் தப்புவது இதில்தான். 'வாய்க்காலுக்கு வடக்கு' என்றால் நம் நிலம் வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிறது, ஆகவே வாய்க்கால் நமக்குத் தெற்கு எல்லை. இங்கிலீஷ் பத்திரங்களில் வடக்கே இன்னது, தெற்கே இன்னது என்று பட்டியலாகப் போடுவது வழக்கம். அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தமிழை வாசிப்பவர் 'வடக்கு: வாய்க்கால்' என்று போட்டுவிடுகிறார். நான்கு எல்லையும் இப்படியே தலைகீழாகி, நிலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் பத்திரத்தின் சரியான பட்டியல் இது: வடக்கே கோயில் நிலம், தெற்கே வாய்க்கால், மேற்கே அண்ணன் பாகம், கிழக்கே வண்டிப் பாதை. இன்னும் பத்திரமான வழி பட்டியலே போடாமல், 'வாய்க்காலுக்கு வடக்கிலும் கோயில் நிலத்துக்குத் தெற்கிலும்' என்று மூலத்தின் வாக்கியத்தையே பின்தொடர்வது. புதுப் பத்திரங்கள் சிலவற்றில் 'வடக்கில் சாலை' என்று நேராகவே எழுதுகிறார்கள். அங்கே சாலை வடக்கில்தான். எல்லாம் அந்த 'க்கு' உருபில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் புல வரைபடத்தை எடுத்து வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

மனைப் பத்திரம் என்றால் 'கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 80' என்று வரும். கிழமேல் என்பது கிழக்கு மேற்காக, தென்வடல் என்பது தெற்கு வடக்காக. ஜாதிக்கும் இந்த அடிக்கும் சம்பந்தம் கிடையாது, அடி என்று எழுதினால் போதும். பெருக்கினால் 2,400, சரியாக ஒரு கிரவுண்ட். இப்படிப் பெருக்கிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

கையெழுத்துப் பத்திரமானால் குறியீடுகளையும் கவனிக்க வேண்டும். ௸ என்பது 'மேற்படி', ௵ வருஷம், ௹ ரூபாய். தமிழ் எண்களில் ௧ பார்க்கக் க மாதிரி, ௭ எ மாதிரி இருக்கும். ௨ நம் பிள்ளையார் சுழிக்குச் சொந்தக்காரன். தாளின் உச்சியில் தனியாக நிற்கும் உ, இரண்டாம் பக்கம் என்று அர்த்தமில்லை.

இனி இரண்டு சொற்கள். ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வருவதைக் குத்தகை என்று பெயர்த்துவிடுகிறார்கள், வாடகை மாதிரி யாரோ ஒருவர் நிலத்தை அனுபவிக்கிறாரே என்று. குத்தகையில் நிலத்தைப் பிடிப்பவர் உரிமையாளருக்கு நெல்லோ பணமோ அளக்கிறார். ஒத்தியில் உரிமையாளர் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர் நிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் விளைச்சலை எடுத்துக்கொள்கிறார். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்' என்று ஓர் அடமான வகையைச் சொல்கிறது, ஒத்திக்கு அதுதான் பெயர். குத்தகை என்று எழுதினால் சொத்தின் மேல் கடனே இல்லை என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

பட்டாவை 'டைட்டில் டீட்' என்று எழுதுவதும் அதே ரகம். பட்டா வருவாய்த் துறையின் பதிவு, தீர்வை யார் பேரில் என்று காட்டுவது. உரிமை பிறப்பது கிரையம், தானம், பாகப்பிரிவினை, உயில் போன்றவற்றில். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றையும் அப்படியே ரோமன் எழுத்தில் வைத்து, முதல் தடவை மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் இங்கிலீஷ் சொல் தேடிக் கண்டுபிடித்தால் அடுத்த வருஷம் வேறொருவர் வேறு சொல் போடுவார். இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வக்கீல், ஆவணங்களே வேறு என்று நினைப்பார்.