லாட்ஜில் ஒரு நாள் எப்போது தொடங்குகிறது?

மதுரை ஜங்ஷனில் இறங்கி டவுன் ஹால் ரோட்டிலோ மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோ நடந்தால் இரண்டு பக்கமும் லாட்ஜ்கள்தான். சில பலகைகளில் '24 மணி நேர செக்-அவுட்' என்று பெரிதாக எழுதியிருக்கும். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. உள்ளே போனால் மேஜைக்குப் பின்னால் சுவரில், 'செக்-அவுட் மதியம் 12 மணி' என்று ஒரு சின்ன அட்டை தொங்கும். இரவு முழுக்க ரயிலில் வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவருக்கு அந்த அட்டை கண்ணில் படாது. வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்பார். மறுபடி கணக்குப் பார்க்கும்போதுதான் சண்டை வரும்.

சென்னையில் இரவு ஏறி, சனிக்கிழமை விடிகாலையில் மதுரையில் இறங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மணிக்கு லாட்ஜுக்கு வருகிறார்கள். குளித்து, மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய், மகாலையும் பார்த்துவிட்டு அன்று இரவு ஒன்பது மணி வாக்கில் ரயிலேற வேண்டும். அறை தேவைப்படுவது பதினைந்தரை மணி நேரத்துக்கு. ஒரு நாள் வாடகை 1500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜில் சிக்கலே இல்லை. சனி காலை ஐந்தரைக்குச் சாவி வாங்கினால் ஞாயிறு காலை ஐந்தரை வரை அறை அவர்களுடையது. சனி இரவே கிளம்புவதால் ஒரு நாள் வாடகையோடு முடிந்துவிடும்.

மதியம் 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் பேச்சு இப்படிப் போகும்.

"அண்ணே, ரூம் எப்ப காலி பண்ணணும்?"

"இன்னைக்கு மதியம் பன்னிரண்டுக்கு, சார்."

"இப்பத்தானே வந்திருக்கோம்?"

"வந்தது இப்பதான். ஆனா நேத்து பன்னிரண்டுல இருந்து இன்னைக்குப் பன்னிரண்டு வரைக்கும் ஒரு நாள் கணக்கு, சார். சாயங்காலம் வரைக்கும் இருந்தா ரெண்டு நாள் வரும்."

மேனேஜர் ஏமாற்றவில்லை. இந்த முறையில் நாள் என்பது மதியம் 12 மணிக்குப் பிறந்து மறுநாள் மதியம் 12 மணிக்கு முடிவது. நாம் எத்தனை மணிக்கு நுழைந்தோம் என்பதற்கு அங்கே மதிப்பு இல்லை. ஐந்தரைக்கு வந்தவர் வெள்ளிக்கிழமை நாளின் வால் பகுதியில் நுழைகிறார். சனி மதியம் 12 மணிக்கு அடுத்த நாள் தொடங்கிவிடுகிறது. பதினைந்தரை மணி நேரத்துக்கு 3000 ரூபாய். 7500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்; லாட்ஜ் அந்த வரியைத் தனியாக வசூலிப்பதாக இருந்தால் மொத்தம் 3150. பக்கத்து லாட்ஜில் இதே குடும்பம் 1575 ரூபாயோடு போயிருக்கும்.

மதுரையில் இந்த 12 மணி இன்னொரு வகையிலும் இடிக்கும். மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் பன்னிரண்டரை வாக்கில் சாத்தி மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலையில் எல்லாருமே பன்னிரண்டரைக்குள் தரிசனம் முடிக்கப் பார்ப்பார்கள். வரிசையில் நிற்கும்போதே 12 மணி தாண்டிவிடும். 2018 முதல் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். லாட்ஜிலிருந்து மேனேஜர் எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்க ஆள் இல்லை. திரும்பி வரும்போது அடுத்த நாள் வாடகை ஏறியிருக்கும். ஆகவே மதியக் கணக்கு உள்ள லாட்ஜில் தங்கினால், கோயிலுக்குக் கிளம்பும்போதே பெட்டிகளைக் கட்டிக் கீழே கொடுத்து, சாவியையும் ஒப்படைத்துவிட்டுப் போவது நல்லது. அறையைக் காலி செய்தவரின் பெட்டியைச் சில மணி நேரம் ரிசப்ஷனில் வைத்துக்கொள்ள அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். ரயில் நிலையத்துப் பொருள் பாதுகாப்பு அறையும் இருக்கிறது. அங்கே கொடுக்கப் பயணச்சீட்டும், பூட்டிய பெட்டியும் வேண்டும்.

லாட்ஜ்காரர்களுக்கு 12 மணி ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா அறையும் ஒரே நேரத்தில் காலியானால் ரூம் பாய்கள் பகல் ஷிஃப்டிலேயே விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, மதியத்துக்குப் பின் வருகிறவர்களுக்குத் தயார் செய்துவிடலாம். 24 மணி நேர முறையில் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நேரம். இரவு இரண்டு மணிக்கு ஓர் அறை காலியானால் அப்போதே விரிப்பை உருவ ஆள் வேண்டும். ராத்திரி முழுக்க ஆள் வந்து போகும் ரயிலடி, பஸ் ஸ்டாண்டு லாட்ஜ்களுக்குத்தான் அது கட்டுபடியாகும். அங்கே அந்தப் பலகை அதிகம் தென்படுவது அதனால்தான்.

ஆனால் 24 மணி நேரம் என்றாலே நமக்கு லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே நாம் நுழையும் நேரமே கிளம்பும் நேரமாகிவிடுகிறது. கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து விடிகாலை நான்கு மணிக்கு அறை எடுத்தவர், மறுநாள் காலை எட்டு மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டு ஊருக்குக் கிளம்ப நினைக்கிறார். அவருடைய நாள் அன்று நான்கு மணிக்கே, அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. எட்டு மணிக்கு இறங்கி வந்தால் இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். அரை மணி, ஒரு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நான்கு மணி நேரத்தை விட மாட்டார்கள்.

இதற்கு வழி, அறை எடுப்பதற்கு முன்பே கிளம்பும் நேரத்தை நினைத்துப் பார்ப்பது. மறுநாள் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் இன்று எட்டு மணிக்கு அறைக்குள் போனால் போதும். அதுவரை பஸ் ஸ்டாண்டில் ஒரு காபியோடு உட்கார்ந்திருக்கலாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் அது நடக்காது. அப்போது நான்கு மணிக்கே எடுத்துக்கொண்டு, மேனேஜரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். "நாளைக்கு எட்டு மணிக்குத்தான் கிளம்புவோம், என்ன போடுவீங்க?" என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டால் அரை நாள் வாடகைக்கு இறங்கி வருவார்கள். தங்கி முடித்தபின் கேட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

24 மணி நேர லாட்ஜில் வாதம் வந்தால் கடைசிச் சொல் ரிஜிஸ்டருடையது. பெயர், ஊர், வந்த காரணம், அடையாள அட்டை எண் எல்லாம் எழுதி நாம் கையெழுத்துப் போடும் அந்தத் தடித்த நோட்டில் வந்த நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. பலரும் அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மேனேஜர் பிறகு ஒரு தோராயமான நேரத்தை எழுதிக்கொள்வார். நாம் ஐந்தரைக்கு வந்து, அறை சுத்தமாகவில்லை என்று ஆறே கால் வரை சோபாவில் உட்கார்ந்திருந்தால், எந்த நேரத்தை எழுதுவது? சாவி கைக்கு வந்த நேரத்தை எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. அட்வான்ஸ் ரசீதிலும் அதே நேரம் இருக்கிறதா என்று பார்த்து, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த நாள் ஷிஃப்ட் மாறி வேறு மேனேஜர் உட்கார்ந்திருந்தாலும் பேச ஆதாரம் இருக்கும். காலி செய்வது என்பதும் சாவி மேஜைக்கு வருவதுதான். பெட்டிகள் எல்லாம் கீழே வந்துவிட்டன, தாத்தா மட்டும் அறையில் படுத்திருக்கிறார் என்றால் அறை இன்னும் காலியாகவில்லை.

செயலியில் முன்பதிவு செய்து வருகிறவர்களுக்கு இன்னொரு குழி இருக்கிறது. வாசலில் 24 மணி நேரப் பலகை இருக்கும். அவர்களுடைய பதிவுச் சீட்டில் மதியம் 12 மணிக்கு அறை கிடைக்கும், மறுநாள் காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று இருக்கும். இருபத்து மூன்று மணி நேரம்தான். அப்படி வந்தால் சீட்டில் உள்ளதைத்தான் லாட்ஜ்காரர் பார்ப்பார். பலகை நேரில் வருகிறவர்களுக்கு என்பார். பலகைக் கணக்கு வேண்டுமென்றால் பதிவு செய்யும் முன் லாட்ஜுக்கு நேரடியாக போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.

அதைவிட மோசம் தேதிக் குழப்பம். 15-ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு ஊர் போய்ச் சேர்கிறோம். 15-ஆம் தேதிக்கு அறை போட்டுவிடுகிறோம். சீட்டின்படி அந்த அறை 15-ஆம் தேதி மதியம்தான் நமக்குக் கிடைக்கும். இரண்டு மணிக்குப் போய் நின்றால் பத்து மணி நேரம் வாசலில் இருக்க வேண்டியதுதான், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. இரவு 12 மணி தாண்டிச் சேர்வதாக இருந்தால் முந்தின நாள் தேதிக்கு, அதாவது 14-க்கு, அறை போட வேண்டும். அதோடு, அதிகாலையில்தான் வருவோம் என்று லாட்ஜுக்குச் சொல்லியும் வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் ராத்திரி பதினோரு மணிவரை பார்த்துவிட்டு, ஆள் வரவில்லை என்று அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில் மட்டும் பலகையை நம்பிப் போகக் கூடாது. கூட்டம் தாங்காது என்பதால் சில இடங்களில் 24 மணி நேர முறையை நிறுத்திவைத்து, இரண்டு நாளுக்குக் குறைந்து கொடுக்க மாட்டோம் என்பார்கள். மற்ற நாட்களில் கூடுதலாகச் சில மணி நேரம் கிடைப்பது அடுத்து அந்த அறைக்கு ஆள் வருகிறாரா என்பதைப் பொறுத்தது. மதியக் கணக்கு லாட்ஜில் அதைக் கேட்க நல்ல நேரம் காலை ஒன்பது, பத்து மணி. அன்றைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று மேனேஜருக்கு அப்போது தெரிந்திருக்கும், அறையைச் சுத்தம் செய்ய ரூம் பாயை இன்னும் அனுப்பியிருக்க மாட்டார். பல இடங்களில் ஒரு மணி வரை சும்மாவே விடுவார்கள், மாலை ஆறு மணி வரை என்றால் அரை நாள் வாடகை வாங்குவார்கள். ஒப்புக்கொண்டதை ரசீதின் பின்பக்கம் நேரத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குள் காலி செய்தும் கூடுதல் வாடகை பிடித்தால், வந்த நேரமும் போன நேரமும் போட்ட பில்லைக் கேட்டு வாங்கி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம்.