திரையிலேயே நிரப்பும் விண்ணப்பம்

காகித விண்ணப்பத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால், அதைக் கணினியில் நிரப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கேன் என்பது வெறும் படம். அதிலுள்ள கோடுகளுக்கு மேல் எழுத்தை வாங்கும் ஃபீல்டுகளை வைத்தால்தான் அது படிவமாகும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரே இதற்குப் போதும்.

ஒரு நூலக உறுப்பினர் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர், முகவரி, கைபேசி எண், உறுப்பினர் வகை, விரும்பும் நூல் வகைகள், கீழே உறுதிமொழி என ஒரே பக்கம். முதலில் இதை ரைட்டரில் தட்டச்சு செய்து, Form மெனுவில் `Design Mode` என்பதை இயக்க வேண்டும். பிறகு `Text Box` எடுத்துப் பெயருக்கான இடத்தில் இழுத்து வரையலாம். அதன் `Control Properties` பகுதியில் ஃபீல்டுக்கு ஒரு பெயர் கொடுப்பது நல்லது. கைபேசி எண்ணுக்கு அதிகபட்ச நீளம் 10 என்றும், முகவரிக்குப் பல வரிகள் என்றும் அங்கேயே குறிக்கலாம்.

தவறு அதிகம் நடப்பது சதுரங்களில்தான். காகிதத்தில் எல்லாமே ஒரே மாதிரி சதுரம். ஆனால் விரும்பும் நூல் வகைகளில் நாவல், வரலாறு, அறிவியல் மூன்றையுமே ஒருவர் தேர்ந்தெடுக்கலாம். அங்கே `Check Box` சரி. ‘மாணவர்’, ‘பொதுமக்கள்’ என்ற உறுப்பினர் வகைக்கும் அதையே வைத்தால், இரண்டிலும் டிக் போட்ட விண்ணப்பங்கள் வந்து சேரும். அங்கே `Option Button` வைத்து, இரண்டையும் ஒரே குழுவில் சேர்க்க வேண்டும். அப்போது ஒன்றைத் தொட்டால் மற்றது தானாக விலகும்.

உறுதிமொழியில் பெயர் மறுபடி வரும். இரண்டு ஃபீல்டுகளுக்கும் ஒரே பெயர் சூட்டி, ஏற்றுமதியின்போது `Allow duplicate field names` என்பதையும் தேர்ந்தெடுத்தால், மேலே தட்டச்சு செய்தது கீழேயும் வந்துவிடும். இதே காரணத்தால் தற்போதைய முகவரிக்கும் நிரந்தர முகவரிக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

கடைசியாக, `Export as PDF` சாளரத்தில் `Create PDF form` தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் பெட்டிகள் தெரியும், எழுத்து ஏறாது.

கோப்பு தயாரானதும் அச்சிட்டுப் பார்ப்பது கட்டாயம். நீளமான முகவரி திரையில் உருண்டு உள்ளே போய்விடும். தாளிலோ பெட்டிக்குள் தெரியும் பகுதி மட்டுமே வரும். அப்படியானால் பெட்டியைப் பெரிதாக்குவதே வழி. தமிழுக்குத் தனிச் சோதனை தேவை. ஃபீல்டின் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் கட்டங்கள் வரும்; சில மென்பொருள்களில் ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். கணினியில் சரியாகத் தெரிவது கைபேசிச் செயலியில் உடையலாம்.

கையொப்பத்துக்கும் புகைப்படத்துக்கும் ஃபீல்டு வைக்காமல் வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள். பொதுமக்களுக்குக் கொடுக்கும் முன், ‘கௌசல்யா’ என்ற பெயரையும் நீளமான ஒரு முகவரியையும் நிரப்பி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து, அச்சிட்டுப் பாருங்கள்.