தொண்டை அடைப்பான் நோய்: மழைக்கு முன் தடுப்பூசியை எப்போது போடுவது?

மாலையில் வழக்கம்போல் தீவனம் தின்ற எருமை, விடியும்போது தாடைக்குக் கீழே பெருத்த வீக்கத்துடன், நாக்கைத் துருத்திக்கொண்டு, கர்கரென்று மூச்சு வாங்கி நிற்கும். நண்பகலுக்குள் இறந்தும் போகலாம். தமிழில் இந்நோயைத் தொண்டை அடைப்பான் என்கிறோம். திருத்தணியை அடுத்த எல்லைப்புறக் கிராமங்களில் தெலுங்கு பேசுவோர் ‘கொந்து வாபு’ (தொண்டை வீக்கம்) என்றும், மூச்சின் ஓசையைக் கொண்டு ‘குரக’ நோய் என்றும் சொல்வர். பெயர் எதுவாயினும் நோய் ஒன்றே.

இந்நோயை உண்டாக்குவது பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியாவின் ஒரு வகையாகும். இது மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருப்பதில்லை. ஈரமான தரையிலும் நீரிலும் சிறிது காலம் மட்டுமே உயிர்வாழும். இதன் நிலையான இருப்பிடம் நலமாகத் தோன்றும் சில மாடுகளின் தொண்டையிலுள்ள டான்சில் பகுதியே ஆகும். மழை, குளிர்ந்த காற்று, தீவனக் குறைவு, நீண்ட பயணம், கடும் உழைப்பு ஆகியவற்றால் அந்த மாட்டின் உடல் தளரும்போது கிருமி பெருகி, மூக்குச்சளி, உமிழ்நீர் வழியாக வெளிப்பட்டு, அடுத்த மாட்டின் தீவனத்தையும் தண்ணீரையும் சென்றடைகிறது.

வானிலை மாற்றம் இக்கிருமியை எவ்வளவு தூண்டக்கூடும் என்பதற்கு ஒரு தொலைதூர எடுத்துக்காட்டு உண்டு. 2015 மே மாதத்தில் கசகஸ்தான் நாட்டுப் புல்வெளிகளில் சைகா என்னும் மான் இனத்தில் 2,00,000-க்கும் மேற்பட்டவை சில வாரங்களுக்குள் மடிந்தன. ஆய்ந்தபோது காரணம் இதே கிருமியால் வந்த இதே நோய் என்று தெரியவந்தது. அந்நாள்களில் வழக்கத்தை மிஞ்சிய வெப்பமும் ஈரப்பதமும் நிலவின. விலங்குகளின் உடலில் தீங்கின்றித் தங்கியிருந்த கிருமி அந்தச் சூழலில் உயிர்க்கொல்லியாக மாறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நோய் எவ்வாறு முற்றுகிறது?

எங்கள் மருந்தகத்திற்கு வரும் நிகழ்வுகள் பெரும்பாலும் ஒரே போக்கில் அமைகின்றன. ஒரு வீட்டில் கறவை எருமை ஒன்று, ஒன்றரை வயதுக் கிடேரி ஒன்று, பசு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஆடி மாதத்தில் சந்தையிலிருந்து புதிய எருமை ஒன்றை வாங்கி வந்து அதே கொட்டகையில் கட்டுகின்றனர். நான்காம் நாள் இரவு பலத்த மழை. மறுநாள் காலை கிடேரி தீவனம் தின்னவில்லை, அசை போடவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது. ‘மழையில் நனைந்தது, சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுகின்றனர். அன்று மாலை தொண்டை வீங்குகிறது. இரவெல்லாம் மூச்சுத் திணறுகிறது. விடிந்தபின் மருத்துவரை அழைக்கும்போது கிடேரி எழ முடியாமல் கிடக்கிறது.

இந்தக் கிடேரியைக் காப்பாற்றக்கூடிய நேரம் முதல்நாள் காலையே ஆகும். நலமான மாட்டின் உடல் வெப்பம் ஏறக்குறைய 101 டிகிரி ஃபாரன்ஹீட். இந்நோயில் அது 104 முதல் 106 டிகிரி வரை திடீரென உயரும். வீக்கம் தோன்றுமுன், காய்ச்சல் மட்டும் உள்ள நிலையில் மருத்துவர் தக்க நுண்ணுயிர்க்கொல்லி ஊசியைச் செலுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு. வீக்கம் பரவி மூச்சுத் திணறல் தொடங்கியபின் கிருமி இரத்தம் முழுவதும் நிறைந்திருக்கும். அந்நிலையில் மருத்துவம் அளித்தாலும் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. எருமைகளில் நோயின் வேகம் பசுக்களைவிட அதிகம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள இளம் கால்நடைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

வீக்கத்தைத் தொட்டால் சூடாக இருக்கும். மாடு வலியால் விலகும். விரலால் அழுத்தினால் குழி விழும். சப்பை நோயிலும் வீக்கமும் காய்ச்சலும் உண்டு; ஆனால் அங்கு வீக்கம் பெரும்பாலும் தொடையிலோ தோளிலோ காணப்படும், அழுத்தினால் நறநறவென்று ஓசை எழும்.

தொண்டை வீங்கிய மாட்டுக்கு வாய்வழியாக மருந்தோ, எண்ணெயோ, கஷாயமோ ஊற்றக்கூடாது. விழுங்க முடியாத மாட்டின் நுரையீரலுக்குள் அது சென்றுவிடும். வீக்கத்தைக் கீறுவதும், சூடு போடுவதும் நோயைத் தணிப்பதில்லை. மாட்டுக்கு வேதனையையும் நமக்கு நேர இழப்பையுமே தருகின்றன. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, 1962 என்ற கட்டணமில்லா எண்ணையோ உடனே அழையுங்கள்.

மேற்சொன்ன வீட்டில் இன்னும் மூன்று உயிர்கள் உள்ளன என்பதை மறக்கலாகாது. கிடேரியுடன் கட்டப்பட்டிருந்த மற்ற மாடுகளுக்கும் ஒரு வார காலம் காலையிலும் மாலையிலும் ஆசனவாயில் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்க்க வேண்டும். வெப்பம் உயர்ந்த மாட்டுக்கு, அது தீவனம் தின்றுகொண்டிருந்தாலும், அன்றே சிகிச்சை தேவை. காய்ச்சல் இல்லாதவற்றுக்குத் தடுப்பூசி போடலாம். எனினும் அதன் பயன் உடனே கிடைக்காது.

தடுப்பூசியின் காலக்கணக்கு

இந்நோய்க்கான தடுப்பூசி நம் பகுதிக்கு அருகிலேயே, 1932-இல் நிறுவப்பட்ட இராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாரிக்கப்படுகிறது. கன்றுகளுக்குப் பொதுவாக ஆறு மாத வயதில் முதல் ஊசி போடப்படுகிறது. ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு முதல் மூன்று வாரங்கள் ஆகும். ஆகவே மழை தொடங்கியபின், அல்லது பக்கத்துத் தெருவில் மாடு இறந்தபின் போடும் ஊசி பல நேரங்களில் காலங்கடந்ததாகிவிடுகிறது. அப்போது மாடு இறந்தால் ‘ஊசியால்தான் இறந்தது’ என்ற பேச்சும் எழுகிறது. உண்மையில் அந்த மாட்டின் உடலில் கிருமி ஊசிக்கு முன்பே புகுந்திருக்கும்.

‘ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்’ என்ற பொது அறிவுரையை நாங்களே பலமுறை கூறுகிறோம். திருத்தணிப் பகுதிக்கு இது முழுமையான விடையன்று. இங்கு மழைக்காலங்கள் இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எனவே, போடப்பட்ட ஊசி எத்தனை மாதங்களுக்குப் பயன் தரும் என்பதை அறிந்தாக வேண்டும்.

தொண்டை அடைப்பான் தடுப்பூசி இரு முக்கிய வகைகளில் கிடைக்கிறது. படிகாரம் சேர்த்துத் தயாரிக்கப்படுவது ஏறத்தாழ நான்கு முதல் ஆறு மாதங்கள் பாதுகாக்கும். எண்ணெய் சேர்த்துத் தயாரிக்கப்படுவது, பால்போல் வெண்மையாகவும் சற்றுக் கெட்டியாகவும் இருக்கும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் பாதுகாக்கும்.

மே 10 அன்று ஒரு எருமைக்குப் படிகார வகை ஊசி போடப்பட்டதாக வைத்துக்கொள்வோம். மே இறுதிக்குள் எதிர்ப்பாற்றல் உருவாகிவிடும். தென்மேற்குப் பருவமழையைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம். நான்கு மாதக் கணக்கில் செப்டம்பர் 10-இலும், ஆறு மாதக் கணக்கில் நவம்பர் 10-இலும் பாதுகாப்பு முடிவடைகிறது. அதாவது, ஐப்பசி மழை வலுக்கும் நாள்களில் அந்த எருமை ஏறக்குறைய பாதுகாப்பின்றி நிற்கக்கூடும். ஆவணி மாதக் கடைசியில் இரண்டாவது ஊசியைப் போட்டுவிட்டால் அக்டோபர் முதல் வாரத்திற்குள் எதிர்ப்பாற்றல் மீண்டும் தயாராகிவிடும். மே 10 அன்று போடப்பட்டது எண்ணெய் வகையாக இருந்தால், அடுத்த பிப்ரவரி வரையேனும் பாதுகாப்பு நீடிக்கும். அந்த ஆண்டுக்கு அது போதும்.

ஆகவே ஊசி போடும் நாளில் தயங்காமல் கேளுங்கள்: இது எந்த நோய்க்கான ஊசி, எந்த வகை, அடுத்தது எப்போது? விடையைத் தேதியுடன் குறித்து வையுங்கள். கோமாரி நோய்த் தடுப்பூசி முகாமில் ஊசி போட்டதையே எல்லா நோய்களுக்குமான ஊசியாகப் பலர் கருதிவிடுகின்றனர். கோமாரிக்கு மட்டும் தயாரிக்கப்பட்ட ஊசி தொண்டை அடைப்பானைத் தடுக்காது.

தடுப்பூசி மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். உறைந்துபோன மருந்து பயன்படாது. ஐஸ் பெட்டியில் வைத்தாலே போதும் என்று பனிக்கட்டியோடு ஒட்டி வைப்பது நல்ல மருந்தையும் கெடுத்துவிடும். ஊசிக்குப்பின் ஓரிரு நாள் பால் சற்றுக் குறையலாம். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமும் தோன்றலாம். பால் குறையும் என்ற அச்சத்தால் கறவை மாட்டை மட்டும் மறைத்து வைப்போர் உண்டு. அவர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. அன்றாடச் செலவு அந்தப் பாலில்தான் நடக்கிறது. ஆனால் இரண்டு நாள் பாலில் ஒரு பங்கையும் எருமை ஒன்றின் விலையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

மனிதருக்கு ஆபத்து உண்டா?

தொண்டை அடைப்பான் மனிதருக்குப் பரவும் நோயாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் சிகிச்சையிலுள்ள மாட்டின் பாலை, மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை பயன்படுத்தக்கூடாது.

பெயர்க் குழப்பம் ஒன்று இங்கே ஆபத்தானது. ‘அடைப்பான்’ என்று மட்டும் குறிப்பிடப்படும் ஆந்த்ராக்ஸ் முற்றிலும் வேறான நோய். அதுவும் மாடுகளைத் திடீரெனக் கொல்லும், தொண்டையில் வீக்கத்தையும் உண்டாக்கலாம், மனிதரையும் தாக்கும். இறந்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருநிற இரத்தம் கசிந்தால் ஆந்த்ராக்ஸ் என்றே ஐயுற வேண்டும். இரத்தம் கசியவில்லை என்பதைக் கொண்டு மட்டும் அந்நோய் இல்லை என்று நாமாக முடிவு செய்யவும் இயலாது. எனவே திடீரென இறந்த எந்த மாட்டையும் தோலுரிக்கவோ, அறுக்கவோ, இறைச்சிக்குப் பயன்படுத்தவோ வேண்டாம். மருத்துவர் வந்து பார்க்கும் வரை நாய், காகம் அண்டாமல் மூடி வையுங்கள். பின்னர் அவர் காட்டும் இடத்தில், நீர்நிலைகளுக்குத் தொலைவில், ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஏரியிலோ ஓடையிலோ வீசினால் கீழ்ப்புறத்து ஊர் மாடுகள் அந்த நீரையே குடிக்கும்.

அத்தகைய மாட்டின் உடலைக் கையாண்டவருக்குக் கையிலோ முகத்திலோ கறுத்த மையமுள்ள வலியற்ற புண் தோன்றினால், அல்லது காய்ச்சல் வந்தால், தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று, இறந்த மாட்டைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

சந்தையில் வாங்கிய மாட்டை இரண்டு, மூன்று வாரங்கள் தனியாகக் கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். முந்தைய உரிமையாளர் ஊசி போட்டதாகச் சொன்னாலும், எந்த ஊசி, எந்தத் தேதி என்று அவரால் கூற இயலாவிட்டால், போடாததாகவே கொண்டு மருந்தகத்திற்குத் தெரிவியுங்கள்.