இன்சுலின் போட்டதும் ஏறும் எடை எது?

இன்சுலின் ஊசி தொடங்கிய சில வாரங்களில் சிலருக்கு எடை சட்டென்று ஏறுகிறது, கணுக்காலும் வீங்குகிறது. ‘சர்க்கரையைக் குறைக்க வந்த மருந்து உடம்பைக் கெடுக்கிறதே’ என்று பயந்து ஊசியைத் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஏறிய எடை எதனால் ஆனது என்று கணக்குப் பார்த்தால் அந்தப் பயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 290. ஆறு மாதத்தில் 74 கிலோவிலிருந்து 67 கிலோவுக்கு இளைத்துவிட்டார். மெட்ஃபார்மின் மாத்திரையோடு, இரவில் 10 யூனிட் நீண்ட நேர இன்சுலின் தொடங்கி, மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே வருகிறார். மூன்று வாரத்தில் சர்க்கரை 140க்கு இறங்கிவிட்டது. எடை 71.

இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180ஐத் தாண்டினால், வடிகட்டிய குளுக்கோஸ் முழுவதையும் சிறுநீரகத்தால் மீட்டெடுக்க முடிவதில்லை. மிச்சம் சிறுநீரோடு போய்விடும். இவர் நாளுக்கு 70 கிராம் இழந்தார் என்று வைத்துக்கொண்டால், அது 280 கலோரி. கிட்டத்தட்ட ஐந்து இட்லியைச் சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரி! இன்சுலின் இந்த ஒழுக்கை அடைக்கிறது. சாப்பாடு மாறாவிட்டாலும் அந்தக் கலோரி உடம்பிலேயே தங்கும். ஆனால் 21 நாளுக்கு அது சுமார் 5,900 கலோரிதான். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி தேவை. ஆக, கூடிய நான்கு கிலோவில் கொழுப்பு ஒரு கிலோகூட இருக்க வழியில்லை.

மீதியில் பெரும்பங்கு தண்ணீர். சிறுநீரில் போன சர்க்கரை நீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போனதால் உடம்பு மாதக்கணக்கில் வறண்டு கிடந்தது, இப்போது நிரம்புகிறது. கல்லீரலும் தசையும் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைக் கூடவே பிடித்து வைக்கின்றன. இதற்கு மேல் இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சிறுநீரகக் குழாய்களை அது சோடியத்தைத் திரும்ப உறிஞ்சச் செய்கிறது. சோடியம் தங்கினால் நீரும் தங்கும். நாள் முழுக்க நிற்கிற உடம்பில் அந்த நீர் இறங்கும் இடம் கணுக்கால். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் குழி விழும். சர்க்கரை மிக அதிகமாக இருந்து, மிகவும் இளைத்து, பிறகு வேகமாகக் கட்டுக்குள் வந்தவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே வடிந்துவிடும்.

அதுவரை உப்பைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஊறுகாய், அப்பளம், கருவாடு, உப்புப் போட்ட மோர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். உட்காரும்போது காலை உயர்த்தி வைக்கலாம். மற்ற மாத்திரைகளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், கால் எரிச்சலுக்கான பிரீகாபலின் இரண்டும் தனியாகவே வீக்கம் தருபவை. பயோகிளிட்டசோன் இன்சுலினோடு சேர்ந்தால் நீர் இன்னும் தேங்கி, இதயத்துக்குச் சுமையாகலாம். நடக்கும்போதோ படுக்கும்போதோ மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், காலையில் முகம் ஊதி, சிறுநீர் நுரைத்தால், அதை இன்சுலின் வீக்கம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறலென்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகும் மெல்ல மெல்ல ஏறுவதுதான் கொழுப்பு. 1998இல் வெளியான பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், பத்து ஆண்டுகளில் இன்சுலின் பிரிவினருக்கு, பெரும்பாலும் உணவுக் கட்டுப்பாட்டை நம்பியிருந்தவர்களைவிடச் சுமார் நான்கு கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. இதைத் தடுக்க, முன்பு சிறுநீரில் போய்க்கொண்டிருந்த அந்த ஐந்து இட்லியைத் தட்டிலேயே குறைக்க வேண்டும். ஒரேயடியாக அல்ல, சாப்பாட்டைக் குறைக்கும்போது ஊசி அளவையும் மருத்துவர் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

எடை ஏறுவதற்குக் கவனிக்கப்படாத காரணம் ஒன்று இருக்கிறது: தாழ்சர்க்கரைப் பயத்தில் சாப்பிடுவது. நம் நண்பருக்கு ஒருநாள் நள்ளிரவில் வியர்த்து, கை நடுங்கியது, சர்க்கரை 62. அன்றிலிருந்து படுக்குமுன் நாலு பிஸ்கட், ஒரு டம்ளர் பால், ஒரு பழம். எழுபதுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். தினமும் ஊசிக்காகச் சாப்பிட வேண்டியிருக்கிறது என்றால், ஊசி அளவு கூடுதலாக இருக்கலாம். சர்க்கரை எழுதிய நோட்டைப் பார்த்த மருத்துவர் இரவு ஊசியில் இரண்டு யூனிட் குறைத்தார். எடை ஏற்றத்துக்குக் கடிவாளமிடும் மெட்ஃபார்மினைத் தொடரச் சொன்னார். பாலும் பிஸ்கட்டும் நின்றன. கால் வீக்கம் அதற்குள் வடிந்துவிட்டது. அடுத்த மாதம் எடை 70.